ஸ்டாக் ஷீட்: ரீஆர்டர் எச்சரிக்கையும் நிறையிட்ட சராசரி அடக்க விலையும்

கேள்வி: எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறோம். எக்செல்லில் ஸ்டாக் ஷீட் போட்டிருக்கிறேன். மொத்தம் வாங்கிய தொகையை மொத்தம் வாங்கிய அளவால் வகுத்து ஆவரேஜ் விலை எடுக்கிறேன். ஆடிட்டர் இருப்பு மதிப்பு சரியில்லை என்கிறார். ரீஆர்டர் கலரும் பாதி நேரம் தப்பாகக் காட்டுகிறது. ஷீட்டை எப்படி அமைப்பது?

பதில்:

நீங்கள் போட்டிருப்பது கடை திறந்த நாளிலிருந்து இன்றுவரைக்குமான சராசரி. என்றைக்கோ விற்றுத் தீர்ந்த காயிலின் விலையும் இன்று ரேக்கில் இருக்கும் காயிலின் மதிப்பில் கலந்துகொண்டிருக்கிறது. நிறையிட்ட சராசரியை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மொத்தமாகவும் கணக்கிடலாம், ஒவ்வொரு கொள்முதலின்போதும் புதிதாகவும் கணக்கிடலாம். கணக்கியல் தரம் ஏஎஸ் 2 இரண்டையும் ஏற்கிறது. ஆனால் காலக் கணக்கு என்றால் காலம் முடிந்ததும் இருப்பை அந்த விலையில் மூடி, அடுத்த காலத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதைச் செய்யாததுதான் ஆடிட்டரின் புகாருக்குக் காரணமாக இருக்கும். காலக் கணக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: இன்று ஒரு பில் ஏற்றினால் போன வாரம் விற்றதன் அடக்கமும் மாறிவிடும். தாமிரத்தோடு விலை ஏறி இறங்கும் ஒயருக்கு ஒவ்வொரு கொள்முதலிலும் சராசரி மாறும் முறைதான் பொருத்தம். கீழே உள்ளது அதற்கான அமைப்பு.

முதலில் அளவு. ஒயரைக் காயிலாகவும் விற்பீர்கள், மீட்டராகவும் வெட்டிக் கொடுப்பீர்கள். ஷீட்டில் ஒரே அலகுதான் இருக்க வேண்டும், அதுவும் இரண்டில் சிறியது. ஆகவே எல்லாம் மீட்டரில். 90 மீட்டர் காயில் பத்து வந்தால் 900 என்று ஏற்றுங்கள். காயில் எண்ணிக்கை பார்க்க வேண்டுமானால் கடைசியில் 90 ஆல் வகுத்துக் காட்டிக்கொள்ளலாம்.

Txn என்று ஒரு ஷீட். சரக்கு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இதில் ஒரு வரி. கையால் அடிப்பவை ஐந்து பத்திகள் மட்டுமே: A தேதி, B சரக்குக் குறியீடு, C வகை, D அளவு, E அடக்கத் தொகை. அளவில் உள்ளே வந்தால் கூட்டல், வெளியே போனால் கழித்தல். வகைக்கு OB (தொடக்க இருப்பு), PUR (கொள்முதல்), SAL (விற்பனை), SALB (காண்ட்ராக்டருக்கு மொத்தமாகப் போனது), PRET, SRET (இரு பக்கத் திருப்பமும்), ADJ (எண்ணிப் பார்த்ததில் வந்த வித்தியாசம்) போதும். SALB ஏன் தனி என்பது ரீஆர்டரில் தெரியும். மற்ற நான்கு பத்திகளை ஃபார்முலா பார்த்துக்கொள்ளும். முதல் வரி தலைப்பு என்று வைத்து இரண்டாம் வரியில் இவற்றை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
F2: =SUMIFS(D$1:D1,B$1:B1,B2)
G2: =SUMIFS(H$1:H1,B$1:B1,B2)
H2: =IF(B2="","",IF(E2<>"",E2,IF(ROUND(F2+D2,3)=0,-G2,ROUND(D2*G2/F2,2))))
I2: =IF(ROUND(F2+D2,3)>0,(G2+H2)/(F2+D2),"")
```

F என்பது இந்த வரிக்கு முன்பு அந்தச் சரக்கு எத்தனை மீட்டர் இருந்தது, G என்பது அதன் மதிப்பு. வரம்பு மேல் வரியோடு நின்றுவிடுவதால் ஃபார்முலா தன்னையே சுற்றிக்கொள்ளாது. H இந்த நகர்வின் மதிப்பு: E-இல் தொகை இருந்தால் அதுவே, இல்லையென்றால் அப்போதைய சராசரியில். கடைசி மீட்டர் வரை தீரும்போது மீதி மதிப்பு முழுவதையும் வெளியே தள்ளுகிறது. இல்லாவிட்டால் ரவுண்டிங்கில் மிஞ்சிய சில பைசா, சரக்கே இல்லாத குறியீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். I நகர்வுக்குப் பிறகான சராசரி.

E-இல் என்ன போடுவது என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். சப்ளையர் பில்லிலேயே கழித்த டிஸ்கவுன்ட் போன பிறகு, ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகை. அதோடு லாரி வாடகை, இறக்குக் கூலியில் இந்தச் சரக்கின் பங்கு. நீங்கள் ரெகுலர் வரிதாரராக இருந்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அந்த 18% அடக்கத்தில் சேராது. காம்போசிஷனில் இருந்தால் வரியைத் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே முழுத் தொகையும் அடக்கம்தான். உதாரணமாக ஒரு லோடு ரூ. 82,800-க்கு வந்தது, வாடகை ரூ. 1,440. அதில் ஒயர் ரூ. 20,700, அதாவது நாலில் ஒரு பங்கு. வாடகையிலும் நாலில் ஒரு பங்கு ரூ. 360 அதன் தலையில். E-இல் 21,060. மதிப்பின்படி பிரிப்பது சுலபம். ஒரே லோடில் பைப்பும் ஒயரும் வந்தால் இடத்தை அடைப்பது பைப்தான், ஆகவே அதற்குக் கூடுதல் பங்கு போடுவது நியாயம். எப்படிப் பிரித்தாலும் வருடம் முழுக்க அதே முறை.

‘பத்துக்கு ஒன்று இலவசம்’ வந்தால் தனி வரி வேண்டாம். 990 மீட்டர் என்று அளவை ஏற்றிப் பத்து காயிலின் தொகையைப் போடுங்கள், சராசரி தானாக இறங்கும்.

இனி W15R என்ற ஒரே குறியீட்டை, 1.5 ஸ்கொயர் எம்எம் சிவப்பு ஒயரை, ஏப்ரல் மாதத்தில் ஓட்டிப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக எடுத்தவை. சில்லறை விற்பனையைச் சுருக்கி ஒரு வரியாகக் காட்டியிருக்கிறேன்.

| தேதி | வகை | அளவு | நகர்வு மதிப்பு | இருப்பு | இருப்பு மதிப்பு | சராசரி |
|---|---|---|---|---|---|---|
| 1-4 | OB | 900 | 18,000.00 | 900 | 18,000.00 | 20.000 |
| 4-4 | SAL | −360 | −7,200.00 | 540 | 10,800.00 | 20.000 |
| 9-4 | PUR | 900 | 21,060.00 | 1,440 | 31,860.00 | 22.125 |
| 14-4 | SAL | −180 | −3,982.50 | 1,260 | 27,877.50 | 22.125 |
| 14-4 | SALB | −900 | −19,912.50 | 360 | 7,965.00 | 22.125 |
| 20-4 | PUR | 900 | 22,275.00 | 1,260 | 30,240.00 | 24.000 |

விற்கும்போது சராசரி அசையவில்லை, வாங்கும்போதுதான் நகர்கிறது. விற்பனை வரியில் I பைசா ரவுண்டிங்கைத் தாண்டி மாறினால் ஃபார்முலாவில் எங்கோ கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசி மூன்று எண்களை உங்கள் பழைய முறையோடு ஒப்பிடுங்கள்: உள்ளே வந்த மொத்தம் 2,700 மீட்டர், ரூ. 61,335. வகுத்தால் 22.717, இருப்பு 1,260 மீட்டருக்கு ரூ. 28,623. ஒரே குறியீட்டில், இருபதே நாளில் ரூ. 1,617 வித்தியாசம்.

இந்த அமைப்பின் பலவீனம் ஒன்று உண்டு, அது வரிகளின் வரிசை. ஃபார்முலா தேதியைப் பார்ப்பதில்லை, மேலிருந்து கீழே போகிறது. சரக்கு வந்து இறங்கிவிட்டது, பில் இரண்டு நாள் கழித்துக் கையில் கிடைக்கிறது, அதற்குள் விற்றாகிவிட்டது; எல்லாக் கடையிலும் நடப்பதுதான். ஷீட்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். இருப்பு 60 மீட்டர், சராசரி ரூ. 20. புதிதாக வந்த 180 மீட்டரை (மீட்டர் ரூ. 24, மொத்தம் ரூ. 4,320) ஏற்றாமலே 90 மீட்டர் விற்பனையை ஏற்றிவிட்டீர்கள். இருப்பு −30, மதிப்பு −600. பிறகு பில்லை ஏற்றும்போது மதிப்பு 3,720, இருப்பு 150, சராசரி ரூ. 24.80. நீங்கள் வாங்கிய எந்த விலையை விடவும் அதிகம்! பில்லை முதலில் ஏற்றியிருந்தால் 240 மீட்டர், ரூ. 5,520, சராசரி ரூ. 23, விற்ற பிறகு 150 மீட்டருக்கு ரூ. 3,450. ரூ. 270 இருப்பில் கூடிப்போய், லாபமாகத் தெரிகிறது.

ஆக, சராசரி விலை நீங்கள் கொடுத்த மிகக் குறைந்த விலைக்கும் மிக அதிக விலைக்கும் நடுவில் இல்லை என்றால், பெரும்பாலும் இருப்பு எங்கோ பூஜ்யத்துக்குக் கீழே போய் வந்திருக்கிறது. இருப்பு சரியாகப் பூஜ்யமாக இருக்கும்போது விற்பனை ஏற்றினால் `#DIV/0!` வரும், அந்தக் குறியீட்டின் கீழ் வரிகள் எல்லாம் அதையே காட்டும். அதை IFERROR போட்டு மறைக்காதீர்கள். பில் பாக்கி இருக்கிறது என்று ஷீட் உங்களிடம் சொல்லும் வழி அது.

பரிகாரம்: சரக்கு இறங்கிய தேதியையே போட்டு வரியை ஏற்றுங்கள், பில் தேதியை அல்ல. நாள் முடிவில் A முதல் E வரை மட்டும் தேர்ந்தெடுத்து, தேதி ஏறுவரிசையிலும் D இறங்குவரிசையிலும் வரிசைப்படுத்துங்கள். D இறங்குவரிசை என்றால் ஒரே நாளில் வந்தவை மேலேயும் போனவை கீழேயும் தானாக அமையும். F முதல் I வரை தொடவேண்டாம், அவை இருந்த இடத்திலேயே புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும். Ctrl+T போட்டு இதை டேபிளாக மாற்றுவதையும் தவிருங்கள். இப்படி நீண்டுகொண்டே போகும் வரம்புகளைப் புது வரி சேரும்போது எக்செல் சில சமயம் தானே மாற்றிவிடும்.

இன்னொரு மௌனமான பிழை: PUR வரியில் E-ஐ அடிக்க மறந்தால் ஃபார்முலா பழைய சராசரியில் உள்ளே எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். அந்த வரிகள் சிவப்பாகத் தெரிய கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் இதைப் போடுங்கள்:

```
=AND(OR($C2="OB",$C2="PUR",$C2="PRET"),$E2="")
```

PRET வரியில் D, E இரண்டும் கழித்தலில், பழைய பில் விலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் சப்ளையர் உங்கள் சராசரியில் பணம் திருப்புவதில்லை. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது E காலியாக, சராசரியில் உள்ளே வரும். அப்போது இருப்பு பூஜ்யமாக இருந்தால் மட்டும், அது வெளியே போனபோது H-இல் இருந்த மதிப்பை, திரும்பிய அளவுக்கு ஏற்ப, கழித்தல் குறி இல்லாமல் E-இல் அடிக்க வேண்டும்.

அடுத்து Stock ஷீட். குறியீட்டுக்கு ஒரு வரி: A குறியீடு, B பெயர், C காயில் நீளம், D இருப்பு, E மதிப்பு, F சராசரி, G ரீஆர்டர் அளவு, H ஆர்டர் போட்டு வரவேண்டியது, I கொடி.

```
D2: =SUMIFS(Txn!D:D,Txn!B:B,A2)
E2: =SUMIFS(Txn!H:H,Txn!B:B,A2)
F2: =IF(D2>0,E2/D2,"")
H2: =SUMIFS(PO!C:C,PO!B:B,A2)-SUMIFS(PO!D:D,PO!B:B,A2)
I2: =IF(D2<0,"CHECK",IF(G2="","",IF(D2+H2<=G2,"ORDER",IF(D2<=G2,"WAIT",""))))
```

உங்கள் கலர் பாதி நேரம் தப்பாகக் காட்டுவதற்கு முக்கியக் காரணம், கடையில் இருப்பதை மட்டும் ஒப்பிடுவதாக இருக்கும். ஆர்டர் போட்டாகிவிட்டது, சரக்கு வழியில் இருக்கிறது, கலர் இன்னும் சிவப்பு. இரண்டாவது ஆள் பார்த்து இன்னொரு ஆர்டர் போடுவார். அதனால்தான் `D2+H2`. ORDER என்றால் போன் எடுங்கள், WAIT என்றால் போட்டாகிவிட்டது, சப்ளையரை விரட்டினால் போதும். CHECK என்றால் இருப்பு கழித்தலில் போயிருக்கிறது, முதலில் என்ட்ரியைப் பாருங்கள்.

PO ஷீட்டில் தேதி, குறியீடு, ஆர்டர் அளவு, வந்த அளவு என்று நாலு பத்திகள் போதும். இதில் கவனிக்க வேண்டியது குறைவாக வந்த ஆர்டர். பத்து காயில் கேட்டு எட்டு வந்தது, மீதி இரண்டு வரப்போவதில்லை. அப்படியே விட்டால் 180 மீட்டர் என்றென்றும் ‘வழியில்’ இருக்கும், கொடி அத்தனை தாமதமாக எழும். வராது என்று தெரிந்த அன்றே ஆர்டர் அளவை 720 ஆகத் திருத்துங்கள்.

G-யில் உள்ள ரீஆர்டர் அளவை மனக்கணக்கில் போட வேண்டாம். சராசரி நாள் விற்பனையை, ஆர்டர் போட்டுச் சரக்கு வர ஆகும் நாட்களால் பெருக்கி, அதோடு பாதுகாப்பு இருப்பைக் கூட்டுங்கள். விற்பனையை Txn-இலிருந்தே எடுக்கலாம்:

```
=-SUMIFS(Txn!D:D,Txn!B:B,A2,Txn!C:C,"SAL",Txn!A:A,">="&TODAY()-89)
```

இது 90 நாள் சில்லறை விற்பனை. SALB இதில் சேராது. ஒரு கட்டடத்துக்கு ஒரே நாளில் போன 900 மீட்டரை நாள் விற்பனையில் சேர்த்தால், அது திரும்ப வரும் என்று நம்பி மூன்று மாதம் காயிலை அடுக்கி வைத்திருப்பீர்கள். தேதிகளையும் ஒருமுறை பாருங்கள். 14.04.2025 என்று புள்ளி வைத்து அடித்தால் பல கணினிகளில் அது தேதியாக மாறாது, எழுத்தாகவே நிற்கும், இந்தக் கூட்டலில் வராது. கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது பக்கம் நின்றால் தேதி.

W15R 90 நாளில் 2,700 மீட்டர் விற்றது என்று வைத்துக்கொள்வோம். 90 ஆல் வகுத்தால் 30. ஆனால் அதில் 15 நாள் சரக்கே இல்லை. இருந்த 75 நாளால் வகுத்தால் 36, அதுதான் உண்மையான தேவை. இதைக் கவனிக்காவிட்டால் ஒரு சுழலில் மாட்டிக்கொள்வீர்கள்: சரக்கு இல்லாததால் விற்பனை குறையும், விற்பனை குறைந்ததால் ரீஆர்டர் அளவு குறையும், அதனால் மறுபடி சரக்கு இல்லாமல் போகும். ஆகவே இந்த ஃபார்முலாவை G-யோடு நேரடியாக இணைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டு, பார்த்து, எண்ணாக G-யில் அடியுங்கள்.

வழக்கமாக 5 நாளில் வரும், மோசமென்றால் 9 நாள். விறுவிறுப்பான நாட்களில் 60 மீட்டர் போகும். மோசமான நிலைக்குத் தேவை 60 × 9 = 540, வழக்கமான தேவை 36 × 5 = 180. வித்தியாசம் 360 பாதுகாப்பு இருப்பு, ரீஆர்டர் அளவு 540, அதாவது ஆறு காயில். அதிகபட்ச விற்பனையை அதிகபட்ச நாட்களால் பெருக்கும் இந்த முறை காமர்ஸ் பாடத்தில் வருவதுதான். வேகமாக ஓடும் பத்திருபது சரக்குக்கு இது சரி. மெதுவாக ஓடும் ஸ்விட்ச் பிளேட்டுக்கெல்லாம் இதைப் போட்டால் பணம் ரேக்கில் முடங்கும். அவற்றுக்கு வழக்கமான தேவையோடு இரண்டு மூன்று நாள் விற்பனை கூடுதலாக வைத்தால் போதும்.

மேலே உள்ள அட்டவணையில் கொடியை ஓட்டிப் பாருங்கள். ஏப்ரல் 4-இல் இருப்பு சரியாக 540. `<=` என்பதால் அன்றே ORDER எழுகிறது. வெறும் `<` போட்டிருந்தால் எழுந்திருக்காது, 540-ஐத் தாண்டிக் கீழே விற்கும்வரை காத்திருக்கும். பத்து காயில் ஆர்டர் போட்டதும் 540 + 900 = 1,440, கொடி WAIT ஆகிறது, 9-ஆம் தேதி சரக்கு வந்து அணைகிறது. 14-ஆம் தேதி காண்ட்ராக்டர் எடுத்த பிறகு 360, மறுபடி ORDER.

குறியீடு வைப்பதில் எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் கடைகளுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. சைஸை அப்படியே குறியீடாக எழுதி, 20*25 என்று நட்சத்திரக் குறி போடுவது. SUMIFS-க்கு அது ‘நடுவில் எது வேண்டுமானாலும்’ என்ற பொருள். 20MM25 என்று இன்னொரு குறியீடு இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். 3/4 என்று அடித்தால் தேதியாக மாறும். 007-உம் 7-உம் ஒன்றாகக் கணக்கிடப்படும். எழுத்தில் தொடங்கி, எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட குறியீடு வையுங்கள். Txn-இன் B பத்திக்கு Stock-இன் A பத்தியைக் காட்டி டேட்டா வேலிடேஷன் பட்டியல் போட்டுவிட்டால் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஸ்பேஸ் தொல்லையும் தீரும். ஆனாலும் காப்பி பேஸ்ட் செய்தால் வேலிடேஷனைத் தாண்டிவிடும் என்பதால் ஒரு மூலையில் இதை வையுங்கள்:

```
=ROUND(SUM(Txn!H:H)-SUM(Stock!E:E),2)
```

பூஜ்யம் தவிர வேறு எந்த எண் வந்தாலும், Txn-இல் ஏதோ ஒரு குறியீடு Stock-இல் இல்லை, அல்லது ஒரே குறியீடு Stock-இல் இரண்டு முறை இருக்கிறது.

எண்ணிப் பார்க்கும்போது வெட்டுத் துண்டுகளைத் தனியாக வையுங்கள். 3 மீட்டர், 4 மீட்டர் துண்டுகள் ஷீட்டில் நல்ல மீட்டராகத்தான் இருக்கும், ஆனால் கேட்பவர் இல்லை. விற்காது என்று முடிவான துண்டை ADJ வரியில் E காலியாக, அளவைக் கழித்தலில் போட்டு வெளியே எடுங்கள், சராசரி மாறாது. மார்ச் 31-இல் ஒரு வேலை மிச்சம்: ஏஎஸ் 2 படி இருப்பை அடக்க விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில் காட்ட வேண்டும். தாமிரம் இறங்கிய வருடத்தில் ஒயரின் சில அளவுகள் இதில் மாட்டலாம். அதற்கு Stock-இல் இன்னொரு பத்தி சேர்த்து ஆடிட்டருக்குக் காட்டினால் போதும், Txn-ஐத் தொட வேண்டாம்.

வரிகள் ஆயிரக்கணக்கில் சேரச் சேர ஷீட் மெதுவாகும், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனக்கு மேலுள்ள எல்லாவற்றையும் கூட்டுகிறது. ஏப்ரல் 1-இல் புதிய ஃபைல் தொடங்கி, பழைய Stock-இன் D, E இரண்டையும் OB வரிகளாக எண்ணாக ஒட்டுங்கள். F-ஐ அல்ல, சராசரியைக் கொண்டுபோய் மறுபடி பெருக்கினால் பைசாக்கள் நழுவி, புது வருடத்தின் தொடக்க இருப்பு பழைய வருடத்தின் இறுதி இருப்போடு ஒட்டாமல் நிற்கும்.